தாம்பரத்திலிருந்து மதுரைக்கு பைக்கில்: எத்தனை மணிக்குப் போய்ச் சேருவோம் என்று கணக்குப் போடுவது எப்படி?

தாம்பரத்திலிருந்து மதுரை மாட்டுத்தாவணி வரை சுமார் 430 கிலோமீட்டர். போனில் மேப்பைத் திறந்தால் ஏழரை, எட்டு மணி நேரம் என்று காட்டும். முதல் தடவை இவ்வளவு தூரம் வண்டியில் போகிறவர்கள் அதை அப்படியே எடுத்துக்கொண்டு, காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் மாலை மூன்று மணிக்கு மதுரை என்று வீட்டில் சொல்லிவிடுகிறார்கள். 125 சிசி வண்டியில் நிதானமாக ஓட்டுகிறவருக்கு இருட்டிய பிறகுதான் மாட்டுத்தாவணி வரும். மூன்று மணியிலிருந்து வீட்டில் இருப்பவர்கள் போன் செய்துகொண்டே இருப்பார்கள். ஓட்டுகிறவரும் தாமதமாகிவிட்டதே என்று கடைசி நூறு கிலோமீட்டரை விரட்டுவார். உடம்பு மிகவும் களைத்திருக்கும் நேரத்தில் அப்படி விரட்டுவதுதான் ஆபத்து.

மேப் சொல்வது சக்கரம் உருளும் நேரத்தை மட்டும். நீங்கள் டீக்கு நிற்பது, சாப்பிடுவது, பெட்ரோல் போடுவது எதுவும் அதில் சேராது. மதியத்துக்கு மேல் உங்கள் கை தானாகவே ஆக்ஸிலேட்டரைத் தளர்த்தும் என்பதும் அதற்குத் தெரியாது. இவற்றை நாமே கணக்கில் சேர்த்தால் அரை மணி, முக்கால் மணி நேர வித்தியாசத்துக்குள் சரியாகச் சொல்லிவிடலாம். தாம்பரம் – மதுரை சாலையை வைத்தே அதைப் பார்ப்போம். தனி ஆள், 125 சிசி பைக், பிப்ரவரி மாதம், மழை இல்லாத நாள் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் படி: உங்கள் ஓட்ட வேகத்தைக் கண்டுபிடியுங்கள்

மீட்டரில் தெரியும் வேகத்தை வைத்துக் கணக்குப் போடக் கூடாது. நால்வழிச்சாலையில் இருசக்கர வண்டிக்கு மத்திய அரசு 2018-இல் அறிவித்த உச்ச வேகம் 80. பெரும்பாலானவர்கள் 125 சிசி வண்டியை 70-ல் வைத்து ஓட்டுவார்கள். ஆனால் ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே காட்டும். முள் 70-ல் நின்றால் வண்டி 65-ஐ ஒட்டித்தான் போய்க்கொண்டிருக்கும். அதோடு ஊர் வரும் இடத்தில் தடுப்பு வைத்திருப்பார்கள், மேம்பால வேலைக்காக சர்வீஸ் ரோட்டில் இறக்கிவிடுவார்கள், எதிர்த்திசையில் டிராக்டர் வரும், லாரி லாரியை முந்திக்கொண்டிருக்க நீங்கள் பின்னால் காத்திருப்பீர்கள். எல்லாம் போக ஒரு மணி நேரத்தில் கடக்கும் தூரம் 55 கிலோமீட்டர் அளவில்தான் நிற்கும். இதைத்தான் ஓட்ட வேகம் என்கிறேன். வண்டி நகர்ந்துகொண்டிருந்த நேரத்துக்கு மட்டுமான சராசரி இது. நின்ற நேரம் இதில் சேராது.

இதை அளக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும். செங்கல்பட்டைத் தாண்டி ஓர் இடத்தில் நிறுத்தி டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள், மணியைப் பாருங்கள். திண்டிவனம் பக்கம் 60 கிலோமீட்டர் வழக்கமான வேகத்தில், நிற்காமல் ஓட்டிவிட்டு மறுபடி மணியைப் பாருங்கள். 65 நிமிடம் ஆகியிருந்தால் உங்கள் ஓட்ட வேகம் மணிக்கு 55. டிரிப் மீட்டர் இல்லாத வண்டியில் ஓடோமீட்டர் எண்ணைக் குறித்துக்கொண்டால் போதும். அளக்கிறோம் என்பதற்காக அன்றைக்கு மட்டும் வேகமாக ஓட்டினால் கணக்கு முழுக்கக் கெட்டுவிடும். வழக்கமாக எப்படி ஓட்டுவீர்களோ அப்படியே ஓட்டுங்கள்.

அளக்க வாய்ப்பில்லாதவர்கள் இதை வைத்துத் தொடங்கலாம். 100 முதல் 125 சிசி வண்டிக்கும் ஸ்கூட்டருக்கும் நால்வழிச்சாலையில் 50 முதல் 55. ஊர்களுக்குள் புகுந்து போகும் மாநில நெடுஞ்சாலையில் 40. மலைப்பாதையில் 25 முதல் 30. நகரத்துக்குள் பகல் நேரத்தில் 20. பெரிய என்ஜின் வண்டி வைத்திருப்பவர்கள் நால்வழிச்சாலையில் 60 என்று போடலாம், அதற்கு மேல் வேண்டாம். பெரிய வண்டியால் மேடு சுலபமாகும், முந்துவது சுலபமாகும். வழியில் வரும் தடுப்புகளும் நெரிசலும் எல்லா வண்டிக்கும் ஒன்றுதான்.

இரண்டாம் படி: சாலையைப் பிரித்து, களைப்பில்லாத நேரத்தைக் கணக்கிடுங்கள்

430 கிலோமீட்டரும் ஒரே மாதிரி ஓடாது. தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரை கூடுவாஞ்சேரி, மறைமலைநகர், சிங்கப்பெருமாள்கோவில் என்று ஊர் ஒட்டி ஒட்டி வரும், சிக்னல்களும் உண்டு. விடியற்காலையில்கூட இந்த 30 கிலோமீட்டருக்கு மணிக்கு 45 என்றுதான் போட வேண்டும். 40 நிமிடம் ஆகும். இதே தூரத்தைக் காலை எட்டரை மணிக்கு மேல் கடந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் போய்விடலாம். பண்டிகைக்கு முந்தின நாள் மாலை என்றால் பரனூர் டோல்கேட்டைத் தாண்டும் வரை கணக்கே போட முடியாது. டோல்கேட்டில் இருசக்கர வண்டிக்குக் கட்டணம் கிடையாது, இடது ஓரமாகத் தனி வழி இருக்கும். ஆனால் அந்த வழிக்குப் போய்ச் சேரும் வரை கார்களின் வரிசையில் நீங்களும் மாட்டிக்கொள்வீர்கள்.

செங்கல்பட்டுக்கு அப்புறம் திண்டிவனம், விழுப்புரம், உளுந்தூர்பேட்டை, பெரம்பலூர், திருச்சி, விராலிமலை, மேலூர் வழியாக 400 கிலோமீட்டர், பெரும்பாலும் நால்வழிச்சாலையும் பைபாசும்தான். அதை 55-ஆல் வகுத்தால் 7 மணி 16 நிமிடம். முன்னால் இருக்கும் 40 நிமிடத்தையும் சேர்த்தால் 7 மணி 56 நிமிடம். இதை 8 மணி நேரம் என்றே வைத்துக்கொள்ளலாம். மேப் சொன்னதும் ஏறக்குறைய இதுதான். மேப்பின் கணக்கில் பிழையில்லை, அது பாதியில் நிற்கிறது.

மூன்றாம் படி: களைப்பால் குறையும் வேகத்தைச் சேருங்கள்

கார் ஓட்டுபவரைவிட பைக் ஓட்டுபவர் சீக்கிரம் களைப்பதற்குக் காரணம் இருக்கிறது. 65, 70 வேகத்தில் காற்று நெஞ்சிலும் ஹெல்மெட்டிலும் ஓயாமல் மோதுகிறது. அதை எதிர்த்து நிமிர்ந்து உட்கார்ந்திருப்பதற்கே கழுத்தும் தோளும் முதுகும் வேலை செய்துகொண்டே இருக்கின்றன. கைப்பிடியில் வரும் அதிர்வு விரல்களை மரத்துப்போக வைக்கிறது. வியர்வை காற்றில் உடனே காய்ந்துவிடுவதால் உடம்பில் தண்ணீர் குறைவதே தெரியாது. இவற்றோடு மதியம் இரண்டு மணியிலிருந்து நான்கு மணி வரை எல்லோருக்கும் இயல்பாக வரும் மந்தமும் சேர்ந்துகொள்ளும், சாப்பாடு கனமாக இருந்தால் இன்னும் அதிகம்.

இதைக் கணக்கில் கொண்டுவர நான் பின்பற்றும் விகிதம் இது. ஓட்டத்தின் முதல் இரண்டு மணி நேரத்துக்கு எதுவும் சேர்ப்பதில்லை. அடுத்த இரண்டு மணி நேரத்துக்கு நூற்றுக்கு 5 சேர்க்கிறேன். நான்கிலிருந்து ஆறாவது மணி வரை நூற்றுக்கு 10. ஆறு மணி நேரத்துக்கு மேல் நூற்றுக்கு 20. இங்கே மணி என்பது வண்டி ஓடிய நேரம், கடிகார நேரம் அல்ல. இது ஆராய்ச்சி சொன்ன அளவு இல்லை, ஓட்டிப் பார்த்துக் கைக்கு வந்த அளவு. உங்களுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம். முதல் நீண்ட பயணம் என்றால் நான்காவது மணியிலிருந்தே 15 என்று போடுவது நல்லது.

நம் 8 மணி நேர ஓட்டத்தில் இது என்ன ஆகிறது என்று பார்ப்போம். மூன்றாவது, நான்காவது மணிக்கு 6 நிமிடம். ஐந்தாவது, ஆறாவது மணிக்கு 12 நிமிடம். கடைசி இரண்டு மணிக்கு 23, 24 நிமிடம். மொத்தம் ஏறத்தாழ 42 நிமிடம். பெரிய தொகையாகத் தெரியாது. ஆனால் அதில் பாதிக்கு மேல் கடைசி இரண்டு மணி நேரத்தில் விழுகிறது என்பதைக் கவனியுங்கள். இன்னும் ஐம்பதுதானே, முக்கால் மணியில் போய்விடலாம் என்று மேலூருக்கு முன்னால் நினைப்பது இதனால்தான் பொய்த்துப் போகிறது.

வேகம் குறைவதைத் தடுக்கப் பார்க்காதீர்கள். களைத்த கண்ணும் கையும் மெதுவாகத்தான் வேலை செய்யும், அதற்கேற்ப வண்டியும் மெதுவாகப் போவதுதான் சரி. களைப்பு எல்லை மீறிவிட்டதா என்பதை வேகத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது, வேறு அடையாளங்கள் உண்டு. கடைசியாகக் கடந்த ஊரின் பெயர் நினைவுக்கு வராது. 65-ல் ஓட்டிக்கொண்டிருப்பதாக நினைப்பீர்கள், முள் 50-க்கும் 72-க்கும் இடையே ஆடிக்கொண்டிருக்கும். பிரேக்கை வழக்கத்தைவிடத் தாமதமாகப் பிடிப்பீர்கள். வண்டி இடது ஓர வெள்ளைக் கோட்டை நோக்கித் தானாக நகரும். இதில் ஒன்றைக் கவனித்தாலும் அடுத்து வரும் நிழலில் நிறுத்திவிட வேண்டும். அப்போது ஒரு காபி குடித்துவிட்டு உடனே கிளம்புவதால் பயன் இல்லை. காபி வேலை செய்ய இருபது, முப்பது நிமிடம் ஆகும். காபி குடித்ததும் அங்கேயே பெஞ்சிலோ மரத்தடியிலோ பதினைந்து, இருபது நிமிடம் கண்ணை மூடுங்கள். எழும்போது இரண்டும் சேர்ந்து உதவும். இந்த அரை மணி நேரத்தைப் பயணக் கணக்கில் முன்கூட்டியே எழுத வேண்டியதில்லை, ஆனால் தேவைப்பட்டால் எடுக்க இடம் இருக்க வேண்டும்.

நான்காம் படி: நிறுத்தங்களின் உண்மையான நீளம்

டீ குடிக்கப் பத்து நிமிடம் என்றுதான் எல்லோரும் எழுதுவார்கள். டீ குடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகாது, உண்மைதான். ஆனால் வண்டியை ஓரம் கட்டி, ஸ்டாண்டு போட்டு, கையுறையும் ஹெல்மெட்டும் கழற்றி, முகம் கழுவி, டீ சொல்லி, அது ஆறக் காத்திருந்து, கழிவறை போய் வந்து, வீட்டுக்கு ஒரு போன் பேசி, காசு கொடுத்து, எல்லாவற்றையும் மறுபடி மாட்டிக்கொண்டு சாலையில் ஏறும்போது இருபது நிமிடம் ஓடியிருக்கும். இதை அளந்து பார்க்க விரும்பினால், வேகத்தைக் குறைத்து இடதுபக்கம் ஒதுங்கிய நேரத்தையும் மறுபடி ஓட்ட வேகத்துக்கு வந்த நேரத்தையும் குறியுங்கள். இரண்டுக்கும் நடுவில் இருப்பது எல்லாம் நிறுத்தம்தான்.

அதனால் டீ நிறுத்தம் ஒன்றுக்கு 20 நிமிடம் என்று எழுதுங்கள். டிபனுக்கு 40, மதியச் சாப்பாட்டுக்கு 50. பெட்ரோலுக்கு மட்டும் தனியாக நின்றால் 10. பங்க் பக்கத்திலேயே டீக்கடை இருந்தால் இரண்டையும் சேர்த்து 30 நிமிடத்தில் முடிக்கலாம்.

எத்தனை நிறுத்தம் வேண்டும்? ஒன்றேகால் மணியிலிருந்து ஒன்றரை மணி நேர ஓட்டத்துக்கு ஒன்று. தூரத்தில் சொன்னால் 65 முதல் 80 கிலோமீட்டருக்கு ஒன்று. காலையில் உடம்பு புதிதாக இருக்கும்போது நூறு கிலோமீட்டர் நிற்காமல் போக முடியும், ஆனால் அப்படிப் போனால் மதியம் அதற்குப் பதில் சொல்ல வேண்டி வரும். களைப்பு வருவதற்கு முன்னால் நிற்பதுதான் பலன் தரும். வந்த பிறகு நின்றால் இருபது நிமிடம் போதாது.

ஸ்கூட்டர்காரர்களுக்கு ஒரு குறிப்பு. டேங்க் பெரும்பாலும் ஐந்து லிட்டரை ஒட்டித்தான் இருக்கும். நெடுஞ்சாலையில் லிட்டருக்கு 45 கிடைத்தால் முழு டேங்க் 225 கிலோமீட்டர். கடைசிச் சொட்டு வரை நம்பி ஓட்டக் கூடாது, அதனால் 170, 180-க்கு ஒரு தடவை பங்க் என்று திட்டமிடுங்கள். மதுரை வரை வழியில் இரண்டு தடவை வரும். பத்து லிட்டர் டேங்க் உள்ள 125 சிசி பைக்குக்கு ஒரு தடவை போட்டால் போதும்.

ஐந்தாம் படி: நிறுத்தங்களை ஊர்களின் மேல் வைத்துப் பாருங்கள்

பலரும் மொத்தத்தைக் கூட்டியதோடு விட்டுவிடுகிறார்கள். 8 மணி ஓட்டம், 42 நிமிடக் களைப்பு, மூன்று டீ, ஒரு டிபன், ஒரு சாப்பாடு, ஒரு பெட்ரோல் என்று போட்டால் கடிகாரத்தில் 11 மணி 20 நிமிடம் போல வரும். இது கிட்டத்தட்ட சரியான விடைதான். ஆனால் அதைச் சாலையின் மேல் விரித்து எழுதினால்தான் எங்கே இடைவெளி நீண்டுபோகிறது என்று தெரியும். காலை 5:30-க்குத் தாம்பரத்தில் கிளம்புவதாக வைத்து விரிப்போம். தூரங்களையும் நேரங்களையும் முழு எண்ணுக்கு நெருக்கியிருக்கிறேன்.

முதல் நிறுத்தம் மேல்மருவத்தூர் பக்கம், 65 கிலோமீட்டர். செங்கல்பட்டு வரை 40 நிமிடம், பிறகு 38 நிமிடம். 6:50-க்கு வந்து டீ குடித்துவிட்டு 7:10-க்குக் கிளம்பலாம். பிப்ரவரியில் ஆறரை மணிக்குத்தான் சூரியன் உதிக்கும், ஆகவே முதல் ஒரு மணி நேரம் இருட்டிலும் அரை வெளிச்சத்திலும் போக வேண்டியிருக்கும். அதற்காகவும்தான் அந்தப் பகுதிக்கு 45 என்று குறைத்துப் போட்டோம்.

அடுத்தது விழுப்புரம் பைபாஸ், 130 கிலோமீட்டர். 8:20-க்கு வரும். டிபனை இங்கே முடித்தால் 9:00. இதற்கு மேல் ஓட்டம் இரண்டு மணி நேரத்தைத் தாண்டிவிட்டது, களைப்புக் கணக்கு தொடங்குகிறது.

விழுப்புரத்திலிருந்து உளுந்தூர்பேட்டை தாண்டி தொழுதூர் வரை 75 கிலோமீட்டர். களைப்போடு சேர்த்து 86 நிமிடம். 10:25-க்கு வந்து, டீயும் பெட்ரோலும் முடித்து 10:55-க்குக் கிளம்பலாம்.

இந்த இடத்தில் பலர் அடுத்து திருச்சிக்குப் போய்ச் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று முடிவு செய்வார்கள். திருச்சி இன்னும் 95 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. வெயில் ஏறிக்கொண்டிருக்கும் நேரத்தில் இரண்டு மணி நேரம் நிற்காமல் ஓட்டுவதாகிவிடும். பெரம்பலூரைத் தாண்டிப் பாடாலூரில் சாப்பாட்டை வைத்துக்கொள்ளுங்கள். அது 60 கிலோமீட்டர்தான், 12:05-க்கு வந்துவிடும். சாப்பிட்டு 12:55-க்குக் கிளம்பினால் சமயபுரம் தாண்டி, திருச்சியைப் பைபாசில் கடந்து, 65 கிலோமீட்டரில் விராலிமலை. 2:15-க்கு டீ, 2:35-க்குப் புறப்பாடு.

இப்போது மூன்று டீயும் முடிந்துவிட்டது, மதுரைக்கு இன்னும் 100 கிலோமீட்டர் இருக்கிறது. ஓட்டம் ஆறு மணி நேரத்தைத் தாண்டியாயிற்று. கடிகாரமும் இரண்டரையைக் காட்டுகிறது, உடம்பு மந்தமாக இருக்கும் நேரம். களைப்பைச் சேர்த்தால் இந்த நூறுக்கு இரண்டு மணி 10 நிமிடம் ஆகும். நாள் முழுவதிலும் மிக நீளமான ஓட்டம் மிக மோசமான நேரத்தில் வந்து நிற்கிறது! மொத்தத்தை மட்டும் கூட்டியிருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது. அதனால் நான்காவதாக ஒரு டீயை துவரங்குறிச்சி தாண்டி கொட்டாம்பட்டியில் சேர்க்கிறேன். 50 கிலோமீட்டர், 66 நிமிடம், 3:40-க்கு வரும். 4:00 மணிக்குக் கிளம்பினால் மேலூர் வழியாக மாட்டுத்தாவணி 5:05 முதல் 5:10-க்குள்.

மொத்தம் 11 மணி 40 நிமிடம். அதில் ஓட்டம் 8 மணி 40 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு, நிறுத்தங்கள் சரியாக 3 மணி நேரம். மேப் சொன்னதோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. நால்வழிச்சாலையில் பகல் முழுக்கத் தனியாக ஓட்டும் பயணத்துக்கு இந்த ஒன்றரை மடங்கு பெரும்பாலும் பொருந்திவருகிறது. விரித்துக் கணக்குப் போட நேரமில்லாதபோது இதை மட்டுமாவது வைத்துக்கொள்ளலாம். ஐந்து மணி நேரத்துக்குக் குறைவான பயணத்துக்கு இது கொஞ்சம் அதிகம், ஒன்றேகால் மடங்கு போதும்.

இதன் மேல் எதிர்பாராததற்கு முக்கால் மணி நேரம் வைக்க வேண்டும். ட்யூப் உள்ள டயர் பஞ்சரானால், கடை பக்கத்தில் இருந்தாலே அவ்வளவு ஆகிவிடும். அப்படி வைத்தால் ஆறு மணி. பிப்ரவரியில் மதுரையில் ஆறேகால் மணிக்கு மேல் சூரியன் மறையும், ஆகவே தப்பித்தோம். வீட்டில் சொல்ல வேண்டிய நேரமும் ஆறு மணிதான், ஐந்து மணி அல்ல. கணக்கை எதிர்ப்புறமிருந்தும் போடலாம். இருட்டுவதற்குள் போய்ச் சேர ஆறு மணி என்றால், அதிலிருந்து 12 மணி 25 நிமிடத்தைக் கழித்தால் 5:35. அதற்கு மேல் தாம்பரத்தில் கிளம்பினால் இருட்டில் நகரத்துக்குள் நுழைய நேரிடலாம் என்று அர்த்தம். ஏழு மணிக்குக் கிளம்பும் நிலைமை என்றால் திருச்சியில் தங்கிவிட்டு மறுநாள் காலை மீதியை ஓட்டுவது நல்லது.

வழியில் கணக்கைச் சரிபார்ப்பது

இந்த நேரங்களை ஒரு சீட்டில் எழுதி டேங்க் பையிலோ சட்டைப் பையிலோ வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் கிளம்பும் நேரத்தை மட்டும் ஒப்பிட்டால் போதும். பத்து நிமிடம் முன்பின் இருந்தால் கவலையில்லை. விழுப்புரத்தில் கால் மணி தாமதம், தொழுதூரில் அரை மணி என்று கூடிக்கொண்டே போனால் உங்கள் ஓட்ட வேகத்தை நீங்கள் அதிகமாக மதிப்பிட்டிருக்கிறீர்கள். மீதித் தூரத்தையும் அதே விகிதத்தில் நீட்டிப் புதிய நேரத்தை வீட்டுக்குச் சொல்லிவிடுங்கள். ஒரே நிறுத்தத்தில் மட்டும் அரை மணி போயிருந்தால், அதை அப்படியே கடைசி நேரத்தோடு கூட்டினால் போதும்.

தாமதத்தை வேகத்தால் ஈடுகட்டலாம் என்ற எண்ணம்தான் பலரை மாட்டிவிடுகிறது. பாடாலூரிலிருந்து மதுரை வரை 165 கிலோமீட்டர். சராசரியை 55-லிருந்து 60-க்கு ஏற்றினால் எவ்வளவு மிச்சம்? மூன்று மணி நேரம் இரண்டே முக்கால் மணி நேரமாகும், பதினைந்து நிமிடம்தான். ஆனால் சராசரியை 5 ஏற்ற, மீட்டரில் முள்ளை 78, 80-ல் பிடித்துக்கொண்டே போக வேண்டும். மதியம் இரண்டு மணி வெயிலில் பதினைந்து நிமிடத்துக்காக அதைச் செய்வதில் நியாயம் இல்லை. நான்காவது டீயைத் தவிர்த்தால் இருபது நிமிடம் மிச்சம் என்று தோன்றும். அதையும் செய்யாதீர்கள், வைத்ததே தேவை என்பதால்தான் வைத்தோம். பாடாலூரை விட்டுக் கிளம்பும்போது மணி 1:45-க்கு மேல் ஆகியிருந்தால் மிச்சம் வைத்திருந்த முக்கால் மணியும் தீர்ந்துவிட்டது என்று பொருள். அப்போது திருச்சியில் அறை எடுக்கலாமா என்று யோசிக்க வேண்டும். அதை யோசிக்கச் சரியான இடம் பாடாலூர்தான். விராலிமலைக்கு வந்த பிறகு திரும்பிப் போக யாருக்கும் மனசு வராது.

ஆளும் காலமும் மாறினால்

பின்னால் ஒருவர் உட்கார்ந்திருந்தால் ஓட்ட வேகத்தில் 5 குறைத்துக்கொள்ளுங்கள், நிறுத்தத்தை ஒரு மணி நேரத்துக்கு ஒன்றாக்குங்கள். ஓட்டுகிறவருக்குக் கவனம் செலுத்த வேலை இருக்கிறது, பின்னால் இருப்பவருக்கு அதுவும் இல்லை, முதுகு சீக்கிரம் வலிக்கும். தூக்கத்தில் தலை சாய்வதும் அவருக்குத்தான் முதலில் வரும். 430 கிலோமீட்டரை இரண்டு பேராக ஒரே நாளில் போவது முதல் பயணத்துக்கு ஏற்றதல்ல.

நண்பர்களோடு கூட்டமாகப் போனால் ஓட்ட நேரம் பெரிதாக மாறாது, நிறுத்தம்தான் வீங்கும். ஒருவர் டீயை முடிக்கும்போது இன்னொருவர் அப்போதுதான் கழிவறையைத் தேடிப் போவார். கூடுதலாக வரும் ஒவ்வொரு வண்டிக்கும் ஒவ்வொரு நிறுத்தத்திலும் 5 நிமிடம் சேர்க்க வேண்டும். நான்கு வண்டி, மேலே சொன்ன ஆறு நிறுத்தம் என்றால் மூன்று வண்டிக்குப் பதினைந்து நிமிடம் வீதம் ஒன்றரை மணி நேரம் கூடும். 5:30-க்குக் கிளம்பிய கூட்டம் மதுரையை அடையும்போது எதுவும் நடக்காமலேயே 6:40 ஆகிவிடும், இருட்டிவிடும். அதனால் கூட்டமாகப் போகிறவர்கள் ஐந்து மணிக்கு முன்னால் கிளம்ப வேண்டும், அல்லது நிறுத்தத்தின் தொடக்கத்திலேயே எத்தனை மணிக்கு வண்டியை எடுப்பது என்று எல்லோருக்கும் சொல்லிவிட வேண்டும். எல்லோரும் ஒரே பங்கில் ஒன்றாகப் பெட்ரோல் போடுவதும் நேரத்தை மிச்சப்படுத்தும். குறைந்த டேங்க் உள்ள வண்டிக்கு எப்போது தேவையோ அப்போது எல்லோரும் போட்டுக்கொள்ளலாம்.

ஏப்ரல், மே மாதத்தில் களைப்பு விகிதத்தைத் திருத்துவதைவிட நாளின் வடிவத்தையே மாற்றிவிடுங்கள். காலை நான்கரைக்குக் கிளம்பினால் பதினொன்றரைக்குள் திருச்சிக்குப் பக்கத்தில் வந்துவிடலாம். அங்கே மூன்றரை மணி வரை நிழலில் இருந்துவிட்டு மாலையில் மீதியை ஓட்டலாம். போய்ச் சேர ஏழு மணிக்கு மேல் ஆகும், கடைசிப் பகுதி இருட்டில் வரும். அது பிடிக்காதவர்களுக்கு வெயில் காலத்தில் இது இரண்டு நாள் பயணம்தான். வடகிழக்குப் பருவமழை நாட்களில், அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை, நனைந்த சாலையில் ஓட்ட வேகத்தை 40 என்று வைத்துக்கொண்டு, மழைக்கோட்டு போடவும் கழற்றவும் ஒவ்வொரு தடவைக்கும் 10 நிமிடம் சேருங்கள். கனமழை பெய்து பாலத்தடியில் ஒதுங்கும் நேரத்தை முன்கூட்டிச் சொல்ல வழியில்லை. அன்றைக்கு வீட்டில் ஒரு நேரத்தைச் சொல்லாமல், அடுத்த நிறுத்தத்தின் நேரத்தை மட்டும் சொல்லிக்கொண்டே போகலாம்.

திரும்பி வரும் கணக்கு தனி. மறுநாளே திரும்பினால் முதல் இரண்டு மணி நேரத்துக்கும் நூற்றுக்கு 5 சேர்க்க வேண்டும், ஏனென்றால் நேற்றைய கை வலி இன்னும் போயிருக்காது. ஒரு நாள் ஓய்வெடுத்துவிட்டுக் கிளம்பினால் இது தேவைப்படாது. போகும்போது எளிதாகக் கடந்த செங்கல்பட்டு – தாம்பரம் 30 கிலோமீட்டர் இப்போது கடைசியில், மாலை ஐந்து மணி நெரிசலில் வரும். அதற்கு 40 நிமிடம் இல்லை, குறைந்தது ஒன்றேகால் மணி. ஞாயிறு மாலை என்றால் ஊருக்குப் போனவர்கள் எல்லோரும் திரும்பி வருவார்கள், இரண்டு மணி நேரம்கூட ஆகும். இந்தத் திரும்பும் பயணத்தில் கடைசி டீயைத் திண்டிவனத்தில் வைக்காமல் செங்கல்பட்டுக்குக் கொஞ்சம் முன்னால், மதுராந்தகம் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.